அஞ்சாவது எபிசோடுக்கு முன்கதையா, கோல்ட் ஓப்பனா? பாட்டியோட செக்ரோல் புக்கை வெச்சு ஒரு ஒப்பீடு

சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு பழைய எஸ்டேட்டை வெச்சு நாங்க ஒரு குடும்ப சீரிஸ் எழுதிக்கிட்டு இருக்கோம், யூடியூப்ல போடுறதுக்கு, ஒரு எபிசோட் 14 நிமிஷம், ரெண்டு வாரத்துக்கு ஒன்னு. இப்போ அஞ்சாவது எபிசோட் ஸ்கிரிப்ட் கையில இருக்கு. உள்ள கதை முடிவாயிடுச்சு, ஆனா தலைப்பு கார்டு வர்றதுக்கு முன்னாடி உள்ள அந்த முதல் ரெண்டு நிமிஷம் எப்படி போகணும்னு டீம்ல மூனு விதமான பேச்சு ஓடுது. முதல்ல முன்கதை, அதாவது பழைய எபிசோட் துண்டுகளை போட்டு, அப்புறம் கோல்ட் ஓப்பன், அதாவது தலைப்புக்கு முன்னாடி வர்ற புது சீன்னு ஒருத்தர், கோல்ட் ஓப்பனை முதல்ல போட்டு முன்கதைய பின்னாடி தள்ளலாம்னு இன்னொருத்தர், முன்கதையே வேணாம், அந்த விஷயத்தையெல்லாம் கோல்ட் ஓப்பனுக்குள்ளயே வெச்சிடலாம்னு நான். மூனையும் பேப்பர்ல எழுதிப் பார்த்துட்டேன், அதைத்தான் இங்க சொல்றேன்.

கதைய கொஞ்சம் சொல்லிடுறேன், இல்லன்னா ஒப்பிடவே முடியாது. எஸ்டேட்டை வித்துட்டாங்க, லயத்துல இருக்குற குடும்பமெல்லாம் காலி பண்ணணும், வீடு கேட்டு வெள்ளிக்கிழமை ஒரு விசாரணை இருக்கு. பாட்டி 30 வருஷம் பால் வெட்டினதுக்கு ஒரே ஆதாரம் எஸ்டேட்ல தினமும் ஆள் வருகைய பதியுற பழைய செக்ரோல் புக்குதான், அதை எஸ்டேட்ல கணக்கு எழுதி ரிட்டையர் ஆன கிராணி ரெண்டாவது எபிசோட்ல பேத்தி கவிதாகிட்ட குடுத்துட்டாரு. மூனாவது எபிசோட்ல புக்கு காணாம போயிடுது. கடன்ல மாட்டியிருக்குற மாமா மேலதான் எல்லாருக்கும் சந்தேகம், நாலாவது முடியிறப்ப கவிதா அவரை கண்டபடி திட்ட, மாமா மோட்டர எடுத்துக்கிட்டு போயிடுறாரு. அஞ்சாவதுல ஒம்பதாவது நிமிஷத்துல உண்மை வருது: புக்கை ஒளிச்சு வெச்சது பாட்டியேதான். ஏன்னா அந்த புக்குல இருக்குற பேரு பாட்டியோடது இல்ல, அவங்க அக்கா ராசம்மாவோடது. 1969ல குடியுரிமை இல்லாம சிவப்பு ஐசி வெச்சிருந்தவங்களுக்கெல்லாம் வேலை செய்ய பெர்மிட் வேணும்னு சட்டம் வந்து நிறைய பேரு ஊருக்கே திரும்பி போனாங்க இல்லையா, அந்த வருஷம் குடியுரிமையோட நீல ஐசி இருந்த அக்கா செத்துப் போயிடுறாங்க, ஐசி சரியில்லாத தங்கச்சி அக்கா பேருலயே காலையில பேரு கூப்பிடுற பெரட்டுல நின்னு வேலைக்கு போயிடுறாங்க. அப்ப கிராணியா இருந்தவரு கண்ண மூடிக்கிட்டு விட்டுட்டாரு.

இதுல ஒரு சின்ன நல்ல விஷயம், ரெண்டாவது எபிசோட்லயே புக்கோட பக்கத்துல ராசம்மான்னு பேரு ஸ்கிரீன்ல வருது. பாட்டிய எல்லாரும் பாக்கியம்னு கூப்பிடுறாங்க, ஆனா எஸ்டேட்ல வீட்டுப் பேரு வேற ஐசி பேரு வேறன்னு இருக்குறது சகஜம், அதனால பாக்குறவங்க யாரும் அதை பெருசா எடுத்துக்க மாட்டாங்க. இப்போ பிரச்சனை இதுதான்: ஒம்பதாவது நிமிஷத்துல அந்த உண்மை உறைக்கணும்னா ராசம்மாங்குற பேரு ஞாபகத்துல இருக்கணும், ஆனா ஆரம்பத்துலயே அதை எடுத்து காட்டினா உஷாராயிடுவாங்க.

எந்த வழிய எடுத்தாலும் முதல் வேலை ஒன்னுதான். எபிசோட் ஸ்கிரிப்டை பூட்டினதுக்கு அப்புறம், கடைசி சீன்ல இருந்து பின்னாடி நடந்து வந்து, ஒவ்வொரு சீனுக்கும் பக்கத்துல "இது புரியணும்னா பழசுல இருந்து என்ன தெரிஞ்சிருக்கணும்"னு எழுதுறது. போன எபிசோட்ல என்ன நடந்துச்சுன்னு சுருக்கி எழுத உக்காந்தா பத்து விஷயம் வந்துடும். இப்படி பின்னாடி இருந்து வந்தா எங்களுக்கு கிடைச்சது நாலே நாலு: வெள்ளிக்கிழமை விசாரணை, புக்குதான் ஆதாரம், அது காணாம போனதுல மாமா மேல பழி, ராசம்மாங்குற பேரு. கவிதாவோட ஈப்போ வேலை, தாமான் வீட்டு டெப்பாசிட், பக்கத்து வீட்டு கல்யாணம் எல்லாம் கதையில முக்கியம்தான், ஆனா இந்த எபிசோட் அதை தொடல, அதனால வெளிய.

இப்போ முதல் வழி. முன்கதை, அப்புறம் கோல்ட் ஓப்பன், அப்புறம் தலைப்பு. டிவி2லயும் ஆஸ்ட்ரோவுலயும் நாடகம் பார்த்து வளந்த நம்ம ஆளுங்களுக்கு பழக்கமான வரிசை இது. ஒரு ஷாட் கண்ணுல பதியணும்னா குறைஞ்சது ரெண்டு செகண்ட் வேணும், ஒரு வசனம் முழுசா கேக்கணும்னா மூனுல இருந்து அஞ்சு செகண்ட் வேணும், ஸோ 35 செகண்ட் முன்கதையில ஆறேழு துண்டுதான் நிக்கும், அதுக்கு மேல திணிச்சா டிரெய்லர் மாதிரி ஓடிடும், ஒன்னும் நிக்காது.

நான் எழுதின வரிசை இப்படி. கிராணி புக்கை நீட்டி "இது இருந்தா உங்க பாட்டிய யாரும் அசைக்க முடியாதுமா"ன்னு சொல்றது, அந்த வசனம் ஓடிக்கிட்டு இருக்குறப்பவே பக்கத்தோட குளோஸ்அப். நோட்டீஸ்ல தேதி. காலியான அலமாரி. கவிதா மாமாவைப் பார்த்து "எங்க வெச்சிருக்கீங்க சொல்லுங்க"ன்னு கத்துறது. மாமா மோட்டர் கேட்டைத் தாண்டி போறது. ராசம்மா பேரு அந்த குளோஸ்அப்ல ரெண்டு செகண்ட் வருது, ஆனா காதுல விழுறது கிராணியோட நம்பிக்கையான பேச்சு. அதனால பாக்குறவங்களுக்கு அந்த ஷாட் "ஆதாரம் இருக்கு"ன்னு சொல்ற ஷாட்டா போயிடும், பேரு பின்னாடி எங்கயோ தங்கிடும். ஒளிக்க வேண்டிய தகவலை முன்கதையில வெக்கணும்னா அதுக்கு மேல வேற ஒரு தகவலை சத்தமா பேச விடணும், முதல் துண்டாவும் கடைசி துண்டாவும் மட்டும் வெக்கக் கூடாது. அந்த ரெண்டு இடத்தையும்தான் ஆளுங்க ஞாபகம் வெச்சிருப்பாங்க. கிராணி துண்டு இப்போ முதல்ல இருக்கு, அதனால நோட்டீஸ் தேதிய முன்னாடி கொண்டு வந்து அதை ரெண்டாவதா வெச்சேன்.

முன்கதையோட பெரிய ஆபத்து இதுலதான் இருக்கு. எதைத் தேர்ந்தெடுத்து காட்டுறோமோ அது வரப்போகுதுன்னு பாக்குறவங்களுக்கு தெரியும், மூனு எபிசோடா வராத ஒரு ஆளு முன்கதையில தலைய காட்டினா "ஓ, இன்னைக்கு இவரு வர்றாரு"ன்னு உடனே சொல்லிடுவாங்க, நீங்க பதினோராவது நிமிஷத்துக்கு வெச்சிருந்த என்ட்ரி அங்கயே செத்துப்போயிடும். இதை சோதிக்க ஒரு லேசான வழி இருக்கு. சீரிஸே பாக்காத ஒருத்தருக்கு முன்கதைய மட்டும் போட்டு காட்டி "புக்கை யாரு எடுத்திருப்பா?"ன்னு கேளுங்க. மாமான்னு சொன்னா சரியா இருக்கு. பாட்டின்னு சொன்னா உங்க முன்கதை ஒழுகுது, எந்த ஷாட் காட்டிக் குடுத்துச்சுன்னு அவங்ககிட்டயே கேட்டு அதை மாத்துங்க.

இன்னொரு விஷயம், முன்கதைக்கு வசனம் எடுக்குறப்ப பழைய ஸ்கிரிப்டை பாக்காதீங்க, எடிட் முடிஞ்ச வீடியோவை பாருங்க. ஸ்கிரிப்ட்ல இருந்த வரி ஷூட்டிங்ல மாறியிருக்கும், இல்ல எடிட்ல பாதி போயிருக்கும், இல்ல அந்த வரி மேலயே மியூசிக் ஏறியிருக்கும். ஸ்கிரிப்ட்ல முன்கதை எழுதுறப்ப ஒவ்வொரு துண்டுக்கும் எபிசோட் நம்பர், சீன் நம்பர், அந்த வீடியோவுல எந்த நிமிஷம்னு மூனையும் போட்டா எடிட் பண்ற தம்பி தேடிக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதில்ல.

யூடியூப்ல இந்த வழிக்கு ஒரு நியாயமான எதிர்ப்பு இருக்கு. யூடியூப் ஸ்டூடியோ உள்ள போனா முதல் 30 செகண்ட் தாண்டி எத்தனை சதவீதம் பேரு நிக்குறாங்கன்னு தனியாவே காட்டும், நம்ம முன்கதை 35 செகண்ட், அதாவது அந்த அளவு முழுக்க பழைய காட்சியிலயே போயிடும். நாலு எபிசோடையும் ஒரே ராத்திரியில பாக்குறவங்களுக்கு அது வெறும் தடங்கல்தான், நெட்பிளிக்ஸ்ல முன்கதைய தாண்டுறதுக்கு பட்டன் வெச்சிருக்குறதும் அதுக்காகத்தான். யூடியூப்ல அந்த பட்டன் இல்ல, ஆனா டிஸ்கிரிப்ஷன்ல 0:00 முன்கதை, 0:35 கோல்ட் ஓப்பன், 2:00 எபிசோட்னு நேரம் போட்டா சாப்டரா பிரியும், தாண்டுறவங்க தாண்டலாம். 0:00ல ஆரம்பிக்கணும், குறைஞ்சது மூனு சாப்டர் இருக்கணும், ஒவ்வொன்னும் பத்து செகண்டுக்கு குறையக் கூடாது, அவ்வளவுதான் கண்டிஷன்.

ரெண்டாவது வழி, கோல்ட் ஓப்பன் முதல்ல. இதை சொன்ன நண்பர் எழுதின சீன் உண்மையிலயே அழகா இருக்கு: விடியறதுக்கு முன்னாடி, பால் மரத்துக்கு நடுவுல தலைவிளக்கு வெளிச்சம் ஒன்னு ஆடி ஆடி வருது, பால் வெட்டுறவங்க அந்த நேரத்துலதான் போவாங்க ஏன்னா குளிர்ச்சியில பால் நல்லா இறங்கும், அதனால பாக்குறவங்களுக்கு முதல்ல சந்தேகமே வராது. அப்புறம் கை மரத்தை தொடல, மண்ணைத் தோண்டுது. ஒரு பழைய பிஸ்கட் டின். விளக்கு திரும்புது, பாட்டி முகம். கட். அப்புறம் முன்கதை, அப்புறம் தலைப்பு.

இதுல நடக்குறது என்னன்னா, பாட்டி முகத்தை பார்த்துட்டு முன்கதைக்கு வந்தா அதே பழைய காட்சியெல்லாம் வேற அர்த்தத்துல தெரியும். கவிதா மாமாவை கத்துறப்ப நமக்கு மாமா மேல பாவமா இருக்கும், ஏன்னா அவரு எடுக்கலன்னு நமக்கு தெரியும், கவிதாவுக்கு தெரியாது. பழைய ஷாட்டை புதுசா மாத்துற அந்த வேலைய முதல் வழி செய்யவே செய்யாது, இதுக்காகவே இந்த வழிய எனக்கு ரொம்ப பிடிக்கும். கோல்ட் ஓப்பன் ஒரு கேள்விய எழுப்பி, அந்தக் கேள்விக்கு பின்னணி குடுக்குற மாதிரி முன்கதை வந்தாதான் இந்த வரிசை ஓடும். சம்பந்தமே இல்லாத ஒரு சண்டைய காட்டிட்டு நடுவுல முன்கதைய போட்டா, ஏறின வேகம் அங்கயே இறங்கிடும்.

ஆனா விலை என்னன்னு பாருங்க. ஒம்பதாவது நிமிஷத்துல இருந்த திருப்பம் முதல் நிமிஷத்துக்கே வந்துடுச்சு. அதுக்கு அப்புறம் எபிசோட் "யாரு எடுத்தா"ங்குற கதை இல்ல, "கவிதாவுக்கு எப்போ தெரியும், தெரிஞ்சா பாட்டி என்ன ஆவாங்க"ங்குற கதை. அதுவும் நல்ல கதைதான், சொல்லப்போனா பாட்டியா நடிக்கிற அக்காவுக்கு அது இன்னும் நல்ல கதை, ஆனா அதுக்கு ரெண்டாவது நிமிஷத்துல இருந்து எட்டாவது நிமிஷம் வரைக்கும் எல்லா சீனையும் திருப்பி எழுதணும், பாட்டி இருக்குற ஒவ்வொரு ஃபிரேம்லயும் அவங்க மறைக்கிறது தெரியணும். இப்போ இருக்குற ஸ்கிரிப்ட் கவிதா கூடவே நடக்குது, பாட்டி நிறைய இடத்துல பின்னாடி சமையல் கட்டுல இருக்காங்க. இதை எழுதிப் பார்த்தப்பதான் ஒன்னு எனக்கு தெளிவாச்சு, நாங்க முன்கதை முன்னாடியா பின்னாடியான்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்தோம், உண்மையில முடிவு பண்ண வேண்டியது பாக்குறவங்களுக்கு கவிதாவுக்கு முன்னாடியே தெரியணுமா, கூடவே தெரியணுமாங்குறதுதான். கூடவேன்னா ரெண்டாவது வழி நமக்கு இல்ல.

மூனாவது வழி, முன்கதைன்னு தனியா ஒன்னுமே இல்ல. நாலு தகவலும் ஒரு புது சீனுக்குள்ள வந்துடணும். இதுல எல்லாரும் விழுற குழி ஒன்னு இருக்கு, லயத்து வாசல்ல மீன்காரர் வண்டிக்கு காத்திருக்குற ரெண்டு அம்மா பேசிக்குவாங்க, "தெரியுமாக்கா, பாக்கியம் பாட்டியோட புக்கு காணாம போச்சாம், மகன்தான் எடுத்துட்டானாம், வெள்ளிக்கிழமை வேற விசாரணை இருக்கு". தெரிஞ்ச ஆளுக்கு தெரிஞ்ச விஷயத்தை சொல்றது, கேமராவுக்குத்தான் பேசுறாங்கன்னு குழந்தைக்கு கூட புரியும். இதுல இருந்து தப்பிக்க எனக்கு தெரிஞ்சு ஒரே வழி, கதை தெரியாத ஒரு ஆள்கிட்ட நம்ம ஆளுக்கு ஏதாவது ஒன்னு வேணும், அவரு அதை லேசுல குடுக்கக் கூடாது. அப்போ சொல்ல வேண்டியது தானா வாயில இருந்து வரும், அதுவும் மனசு இல்லாம, கொஞ்சம் கொஞ்சமா.

நான் எழுதினது டவுன்ல ஒரு ஃபோட்டோகாப்பி கடை. கவிதா ரெண்டாவது எபிசோட்ல அந்த பக்கத்தை போன்ல ஃபோட்டோ எடுத்து வெச்சிருந்தா, அதை பிரிண்ட் எடுக்க வர்றா. கடைக்கார அண்ணன் மங்கலா இருக்குன்னு தயங்குறாரு. "இது போன்ல எடுத்ததா? ஒரிஜினல் இல்லையா?" "இல்லண்ணே." "ஒரிஜினல் கொண்டு வாமா, இத குடுத்தா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க." "வெள்ளிக்கிழமை விசாரணைண்ணே, ஒரிஜினல் எங்க மாமாகிட்ட இருக்கு, அவரு போன எடுக்க மாட்டேங்குறாரு." அண்ணன் பெருமூச்சு விட்டு ஸ்கிரீன்ல படத்தை பெருசாக்குறாரு. "எந்த வரிமா?" "இந்த வரி. ராசம்மா. எங்க பாட்டி." இன்னும் பெருசாக்குறாரு, ஓரத்துல சிவப்பு மையில ஏதோ எழுதி கோடு போட்டு அடிச்சிருக்கு. அண்ணன் கண்ண சுருக்கி படிக்கிறாரு. "பாட்டி உயிரோட இருக்காங்களாமா?" "வீட்டுல இருக்காங்க, ஏண்ணே?" "இதுல செத்துப்போயிட்டதா எழுதி அடிச்சிருக்கே." தலைப்பு.

நாலு தகவலும் வந்துடுச்சு, ராசம்மாங்குற பேரை கவிதாவே வாயால சொல்லிட்டா, அதுவும் சாதாரணமா ஒரு வரிய அடையாளம் காட்டுறதுக்காக, அடுத்த நொடியே அதை விட பெரிய கேள்வி மேல வந்து விழுந்ததால அந்த பேரை யாரும் தனியா எடுத்து யோசிக்க மாட்டாங்க. பாட்டிதான் ஒளிச்சாங்கன்னு இதுல எங்கயும் கசியல. புதுசா இந்த எபிசோட்ல வந்து விழுந்தவங்களுக்கும் ஒரு பொண்ணு, ஒரு டாக்குமென்ட், ஒரு கெடு தேதின்னு புரியும். சத்தமா படிச்சு பார்த்தா 75 செகண்ட் வருது, முன்கதையும் கோல்ட் ஓப்பனும் தனித்தனியா போட்டிருந்தா ரெண்டு நிமிஷத்தை தாண்டியிருக்கும்.

குறையும் சொல்லணும். மாமா முகத்தை காட்ட முடியல, அவரு மேல கவிதாவுக்கு இருக்குற கோவம் ஒரு வரியில போயிடுது, நாலாவதோட கடைசி சண்டை எவ்வளவு சூடா இருந்துச்சுன்னு பாக்காதவங்களுக்கு தெரியாது. அதுக்காக மூனாவது நிமிஷத்துல, மாமாவோட செருப்பு இன்னும் வாசல்லயே கிடக்குறதை கவிதா பார்த்துட்டு தாண்டிப் போற மாதிரி ஒரு ஷாட் சேத்துட்டேன். இன்னொன்னு, இந்த முறையில ஒரு சீன் தாங்குறது நாலு, மிஞ்சிப்போனா அஞ்சு தகவல்தான். கடைசி எபிசோட்ல கல்யாணம், தாமான் வீடு, விசாரணை எல்லாம் ஒன்னா வந்து சேரும், அங்க இது உடைஞ்சிடும், அதுக்கு முதல் வழிதான், 50 செகண்ட் வரைக்கும் கூட போகலாம். நாளைக்கு இதை டிவிக்கு குடுக்குறதா இருந்தாலும் முதல் வழிதான் சரி, வாரத்துக்கு ஒரு தடவை நேரம் பார்த்து உக்காந்து பாக்குறவங்களுக்கு முன்கதை உண்மையிலயே உதவி.

அஞ்சாவதுக்கு மூனாவது வழி, டீமும் ஒத்துக்கிட்டாங்க. இனி ஸ்கிரிப்ட்ல எப்படி எழுதுறதுங்குறது. நாங்க ஃபவுண்டன் முறையில வெறும் டெக்ஸ்டா எழுதுறோம், அதுல கதாபாத்திரத்தோட பேரை பெரிய எழுத்தை வெச்சுதான் கண்டுபிடிக்கும், தமிழ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது, அதனால பேருக்கு முன்னாடி @ போட்டே ஆகணும், இல்லன்னா வசனம் எல்லாம் வெறும் விவரிப்பா போய் உக்காந்துக்கும்.

```
> கோல்ட் ஓப்பன் <

INT. ஃபோட்டோகாப்பி கடை - பகல்

[[எபி 2 சீன் 6: அதே பக்கம், அதே ஃபோட்டோ]]

@கடை அண்ணன்
இது போன்ல எடுத்ததா? ஒரிஜினல் இல்லையா?

@கவிதா
இல்லண்ணே.

SMASH CUT TO:

> தலைப்பு <
```

கோல்ட் ஓப்பன்னு மேல எழுதுறதுக்கு # போட்டா அது எழுதுறவங்களுக்கு மட்டும் தெரியுற பிரிவு, பிரிண்ட்ல வராது, அதனாலதான் நடுவுல நிக்குற மாதிரி அம்புக்குறி போட்டிருக்கேன். ரெட்டை சதுர அடைப்புக்குள்ள இருக்குற குறிப்பும் பெரும்பாலும் பிரிண்ட்ல வராது, ஆர்ட் பாக்குறவங்களுக்கு அந்த குறிப்பு வேணும்னா விவரிப்பு வரியாவே எழுதிடுங்க. ஒரு பக்கம் ஒரு நிமிஷம்னு சொல்ற கணக்கு கூரியர் எழுத்துல 12 சைஸ்ல ஆங்கிலத்துல எழுதுற ஸ்கிரிப்டுக்கு வந்தது, தமிழ் எழுத்து அகலம் வேற, ஃபாண்டுக்கு ஃபாண்டு மாறும், அதை நம்பாம ரெண்டு பேரு சத்தமா படிச்சு ஸ்டாப்வாட்ச்ல பாருங்க, கடைக்காரர் படத்தை பெருசாக்குற மாதிரி பேச்சு இல்லாத இடத்துலயும் நிஜமா காத்திருந்து.

கடைசியா ஒன்னு பாக்க வேண்டியிருந்துச்சு. அந்த சிவப்பு கோடு நாங்க இப்போதான் யோசிச்சது, ரெண்டாவது எபிசோட் ஏற்கனவே வெளிய வந்துடுச்சு, அதுல பக்கத்தோட குளோஸ்அப் இருக்கு. அதுல ஓரம் சுத்தமா இருந்தா இந்த ஹூக்கே பொய்யாயிடும், யாராவது ஒருத்தர் நிறுத்தி பார்த்து கேப்பாங்க. வீடியோவை ஃபிரேம் ஃபிரேமா ஓட்டி பார்த்தோம், பேரு இருக்குற இடது பக்கம்தான் தெளிவா இருக்கு, வலது ஓரத்தை கவிதாவோட கட்டைவிரல் மறைச்சிருக்கு. அதனால அதே புக்குல அந்த ஓரத்துல சிவப்பு மையில எழுதி, பழசா தெரியுற மாதிரி மைய மங்க வெச்சு, கவிதா எடுத்த ஃபோட்டோவை மட்டும் புதுசா அதே வெளிச்சத்துல எடுக்கப் போறோம். ஸ்கிரீன்ல அந்த எழுத்தை குறைஞ்சது நாலு செகண்ட் நிறுத்தணும்னு ஸ்கிரிப்ட்லயே எழுதியாச்சு, ஏன்னா கீழ மலாய் சப்டைட்டிலும் அதே நேரத்துல ஓடும்.